இயக்க லீவரேஜா, நிதி லீவரேஜா: சிறு எண்களைக் கொண்டு பிரித்தறியும் முறை

சி.ஏ. இன்டர்மீடியட் நிதி மேலாண்மைத் தாளிலும் எம்.காம். தேர்வுகளிலும் லீவரேஜ் கணக்கு திரும்பத் திரும்ப வருகிறது. சூத்திரங்கள் மூன்றே மூன்றுதான். அவற்றை மனப்பாடமாகச் சொல்லாத மாணவரை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனாலும் விடைத்தாளைத் திருத்தும்போது, இயக்க லீவரேஜ் இருக்க வேண்டிய இடத்தில் கூட்டு லீவரேஜின் எண் உட்கார்ந்திருப்பதை அடிக்கடி காண்கிறேன். காரணம் சூத்திரத்தில் இல்லை. கொடுக்கப்பட்ட செலவுகளில் எது எந்தக் கோட்டுக்கு மேலே வரும், எது கீழே வரும் என்பதை முதலில் முடிவு செய்யாமல் வகுக்கத் தொடங்கிவிடுவதுதான் காரணம். அந்தக் கோட்டை எப்படிப் போடுவது என்பதை ஒரே நிறுவனத்தின் சிறிய கணக்கை வைத்துக் கடைசி வரை பார்ப்போம்.

முதல் படி: கணக்கை மேலிருந்து கீழாக எழுதுதல்

நோட்டுப் புத்தகம் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,000 நோட்டுகளை, ஒன்று 50 ரூபாய் வீதம் விற்கிறது. தாள், அட்டை, மை, தையல் கூலி எல்லாம் சேர்ந்து ஒரு நோட்டுக்கு 30 ரூபாய் ஆகிறது. கொட்டகை வாடகை 9,000, மேற்பார்வையாளர் சம்பளம் 9,000, இயந்திரத் தேய்மானம் 6,000 ஆகிய மூன்றும் நோட்டு விற்றாலும் விற்காவிட்டாலும் மாறாதவை. வங்கியில் 50,000 ரூபாய் கடன் இருக்கிறது; அதற்கு 12 சதவீத வட்டி. வரி விகிதம் 25 சதவீதம். பங்குகள் 1,000.

```
விற்பனை                         1,00,000
(-) மாறும் செலவு                   60,000
பங்களிப்பு                         40,000
(-) நிலையான இயக்கச் செலவு         24,000
இயக்க லாபம்                       16,000
(-) வட்டி                           6,000
வரிக்கு முந்தைய லாபம்              10,000
(-) வரி 25%                        2,500
நிகர லாபம்                          7,500
பங்கு ஒன்றுக்கான வருவாய்             7.50
```

இதில் இயக்க லாபம் என்று எழுதியிருப்பதுதான் வினாத்தாளில் வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம், அதாவது ஈபிஐடி, என்று வருவது. நான் சொன்ன கோடு இந்த வரிதான். இதற்கு மேலே இருக்கும் மாறாத செலவுகள், அதாவது வாடகை, சம்பளம், தேய்மானம் ஆகியவை, தொழிலை நடத்துவதற்கான செலவுகள்; அவை உண்டாக்குவது இயக்க லீவரேஜ். இதற்குக் கீழே இருக்கும் மாறாத தொகை, அதாவது வட்டி, தொழிலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கான விலை. அது உண்டாக்குவது நிதி லீவரேஜ். இரண்டும் மாறாத தொகைகள்தான் என்பதால், 'மாறாதது' என்ற தன்மையை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. கோட்டின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் பிரிக்கிறது.

இரண்டாம் படி: வகுத்தல்

```
இயக்க லீவரேஜ் அளவு  = பங்களிப்பு ÷ இயக்க லாபம்
                    = 40,000 ÷ 16,000 = 2.5

நிதி லீவரேஜ் அளவு   = இயக்க லாபம் ÷ வரிக்கு முந்தைய லாபம்
                    = 16,000 ÷ 10,000 = 1.6

கூட்டு லீவரேஜ் அளவு = பங்களிப்பு ÷ வரிக்கு முந்தைய லாபம்
                    = 40,000 ÷ 10,000 = 4
```

இயக்க லாபம் என்ற ஒரே எண் முதல் சூத்திரத்தில் கீழேயும், இரண்டாவதில் மேலேயும் வருவதைக் கவனியுங்கள். அதனால்தான் இரண்டையும் பெருக்கினால் அது அடிபட்டுப் போய், 2.5 × 1.6 = 4 என்று கூட்டு லீவரேஜ் நேராகக் கிடைக்கிறது. விடையை எழுதி முடித்ததும் செய்ய வேண்டிய முதல் சரிபார்ப்பும் இதுவே.

இந்த எண்கள் என்ன சொல்கின்றன? விற்பனை 10 சதவீதம் கூடி 2,200 நோட்டுகள் விற்றதாகக் கொள்வோம். விற்பனை 1,10,000, மாறும் செலவு 66,000, பங்களிப்பு 44,000. நிலையான செலவு 24,000 அப்படியே இருப்பதால் இயக்க லாபம் 20,000. அதாவது 16,000-லிருந்து 25 சதவீத உயர்வு, 10-ஐ 2.5-ஆல் பெருக்கியது இதுதான். வட்டி 6,000 போக 14,000, வரி 3,500 போக 10,500, பங்கு ஒன்றுக்கு 10.50 ரூபாய். 7.50-லிருந்து 10.50 என்பது 40 சதவீத உயர்வு, 25-ஐ 1.6-ஆல் பெருக்கியது இது. விற்பனையின் அசைவு முதலில் நிலையான செலவில் ஒருமுறை பெரிதாகி இயக்க லாபத்தை அடைகிறது, பிறகு வட்டியில் இன்னொரு முறை பெரிதாகிப் பங்குதாரரை அடைகிறது.

ஆகவே வினாவில் எந்த இரண்டு மாற்றங்கள் ஒப்பிடப்படுகின்றன என்று பார்த்தாலே எந்த லீவரேஜ் என்று தெரிந்துவிடும். விற்பனை மாறினால் இயக்க லாபம் எவ்வளவு மாறும் என்று கேட்டால் இயக்க லீவரேஜ். இயக்க லாபம் மாறினால் பங்கு வருவாய் எவ்வளவு மாறும் என்று கேட்டால் நிதி லீவரேஜ். விற்பனையிலிருந்து நேரே பங்கு வருவாய்க்குத் தாவிக் கேட்டால் கூட்டு லீவரேஜ். வரி விகிதம் மாறாதவரை மூன்றிலும் அது தலையிடாது. இந்த நிறுவனத்துக்கு வரி 25-க்குப் பதில் 30 சதவீதம் என்று வைத்தாலும் 2.5, 1.6, 4 என்ற விடைகள் மாறாது.

வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது?

மதிப்பெண் மிக அதிகமாகப் போகும் இடம் இது. மேலே உள்ள அதே நிறுவனத்தை வினா இப்படி விவரிக்கலாம்: 'விற்பனை 1,00,000, மாறும் செலவு 60 சதவீதம், வட்டி 6,000 உட்பட நிலையான செலவு 30,000.' அவசரத்தில் படிப்பவர் 40,000-லிருந்து 30,000-ஐக் கழித்து, இயக்க லாபம் 10,000 என்றும், இயக்க லீவரேஜ் 40,000 ÷ 10,000 = 4 என்றும் எழுதிவிடுகிறார். அது உண்மையில் கூட்டு லீவரேஜ். அதன் பிறகு வட்டி 6,000-ஐ இரண்டாவது முறையாகக் கழித்து, 10,000 ÷ 4,000 = 2.5 என்று நிதி லீவரேஜை எழுதுகிறார். இரண்டையும் பெருக்கினால் 10 வருகிறது. 10 சதவீத விற்பனை உயர்வுக்குப் பங்கு வருவாய் 100 சதவீதம் உயரும் என்பது அதன் பொருள். நாம் மேலே கண்டதோ 40 சதவீதம்தான்.

மோசம் என்னவென்றால், இந்தத் தவறான விடையில் பெருக்கல் சரிபார்ப்பும் பொருந்தியே வரும். 40,000 ÷ 4,000 என்பதும் 10 தானே? ஆகவே பெருக்கல் பொருந்துகிறது என்பதை மட்டும் நம்பக் கூடாது. இந்தத் தவறைப் பிடிக்க வேறொரு கேள்வி வேண்டும்: கடனை முழுவதும் அடைத்துவிட்டால் நான் எழுதிய இயக்க லீவரேஜ் மாறுமா? சரியாகக் கணக்கிட்டிருந்தால் மாறாது. வட்டி பூஜ்யமானாலும் பங்களிப்பு 40,000, இயக்க லாபம் 16,000, அளவு 2.5 தான், நிதி லீவரேஜ் மட்டும் 1-க்கு இறங்கும். உங்கள் 4 என்ற எண் 2.5 ஆக மாறுகிறது என்றால், வட்டி கோட்டுக்கு மேலே ஏறிவிட்டது என்று பொருள்.

நடப்பு மூலதனக் கடன், ஓவர்டிராஃப்ட் ஆகியவற்றின் வட்டியையும் கீழேதான் எழுத வேண்டும். அது அன்றாடத் தொழிலுக்காக வாங்கிய கடன் என்பதற்காக வட்டி இயக்கச் செலவாகிவிடாது. மின்கட்டணம் போன்று பாதி நிலையாகவும் பாதி உற்பத்தியோடு ஏறுவதாகவும் இருக்கும் செலவைப் பிரித்து, நிலையான பகுதியை நிலையான செலவிலும் மீதியை மாறும் செலவிலும் சேர்க்க வேண்டும்.

முன்னுரிமைப் பங்கு இருந்தால்

முன்னுரிமைப் பங்குக்குத் தரும் ஈவுத்தொகையும் மாறாத தொகைதான். அதுவும் கோட்டுக்குக் கீழேதான் வருகிறது. ஆனால் வட்டியைப் போல வரிக்கு முன் கழிவதில்லை, வரி போன பிறகு மிஞ்சும் லாபத்திலிருந்து கழிகிறது. நம் நிறுவனத்தில் 1,500 ரூபாய் முன்னுரிமை ஈவுத்தொகை இருப்பதாகச் சேர்த்துக்கொள்வோம். 1,500 ரூபாய் ஈவுத்தொகை தர, வரிக்கு முன் 2,000 ரூபாய் சம்பாதித்தாக வேண்டும். அதில் 25 சதவீதம், அதாவது 500, வரியாகப் போய்விடும். ஆகவே சூத்திரத்தில் போட வேண்டியது 1,500 ÷ 0.75 = 2,000.

```
நிதி லீவரேஜ் அளவு = 16,000 ÷ (16,000 - 6,000 - 2,000) = 2
```

நம்பிக்கை வராதவர்கள் பங்கு வருவாயைப் போட்டுப் பார்க்கலாம். முன்பு நிகர லாபம் 7,500; ஈவுத்தொகை 1,500 போகப் பங்குக்கு 6 ரூபாய். விற்பனை உயர்ந்த பிறகு 10,500. 1,500 போகப் பங்குக்கு 9 ரூபாய். உயர்வு 50 சதவீதம். இயக்க லாபம் 25 சதவீதம் உயர்ந்தது; 25 × 2 = 50, சரியாக இருக்கிறது. 1,500-ஐ அப்படியே கழித்திருந்தால் 16,000 ÷ 8,500 = 1.88 என்று வந்து, 47 சதவீத உயர்வைத்தான் காட்டியிருக்கும். வரி விகிதம் லீவரேஜ் அளவுக்குள் நுழையும் இடம் இது ஒன்றுதான் என்பதால், முன்னுரிமைப் பங்கு இருக்கும் வினாவில் வரி விகிதத்தைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும்.

வாடகை வட்டியாக மாறினால்

இரண்டு லீவரேஜுக்கும் உள்ள வேறுபாட்டை நான் வகுப்பில் விளக்க நம்பியிருப்பது இந்தப் பகுதியைத்தான். முன்னுரிமைப் பங்கை விட்டுவிட்டு முதல் கணக்குக்கே திரும்புவோம். நிறுவனம் இப்போது கொட்டகை வாடகையாக 9,000 தருகிறது. வாடகைக்கு இருப்பதை விட்டு, 75,000 ரூபாய் கூடுதல் கடன் வாங்கி அந்தக் கொட்டகையைச் சொந்தமாக்கிக்கொள்கிறது. 12 சதவீதத்தில் கூடுதல் வட்டி 9,000. கட்டடத் தேய்மானத்தைக் கணக்கு எளிதாக இருக்க விட்டுவிடுவோம்.

இப்போது நிலையான இயக்கச் செலவு 15,000 ஆகக் குறைகிறது. இயக்க லாபம் 25,000 ஆக உயர்கிறது. வட்டி 15,000 ஆகிறது. வரிக்கு முந்தைய லாபம் பழையபடியே 10,000. அளவுகளைப் பார்த்தால், இயக்க லீவரேஜ் 40,000 ÷ 25,000 = 1.6; நிதி லீவரேஜ் 25,000 ÷ 10,000 = 2.5, கூட்டு லீவரேஜ் 4. ஒரே 9,000 ரூபாய் கோட்டுக்கு மேலிருந்து கீழே இறங்கியதும் இரண்டு எண்களும் இடம் மாறிக்கொண்டன, மொத்தம் அசையவில்லை. விற்பனை 10 சதவீதம் ஏறினாலும் 25 சதவீதம் விழுந்தாலும் பங்குதாரருக்குக் கிடைப்பது இரண்டு ஏற்பாட்டிலும் ஒன்றேதான். 25 சதவீதம் விழுந்தால் பங்களிப்பு 30,000. முன்பு 24,000-மும் 6,000-மும், இப்போது 15,000-மும் 15,000-மும் போய், வரிக்கு முந்தைய லாபம் இரண்டிலும் பூஜ்யம்.

அப்படியானால் பிரித்துப் பார்ப்பதால் என்ன பயன்? ஆபத்து யாரிடமிருந்து வருகிறது என்பது பிரித்தால்தான் தெரியும். வாடகைக்கு இருக்கும்போது வட்டியைப் போல 2.67 மடங்கு இயக்க லாபம் இருந்தது; சொந்தமாக்கிய பிறகு அது 1.67 மடங்குதான். தொழில் மந்தமானால் வாடகைக் கொட்டகையை முன்னறிவிப்புக் கொடுத்துக் காலி செய்யலாம். கடனை அப்படித் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேற முடியாது. வட்டியோடு அசலும் கட்ட வேண்டும், அது இந்த லாபக் கணக்கில் தெரிவதே இல்லை. ஆகவே 'கூட்டு லீவரேஜ் சமம், எனவே இரு நிறுவனங்களின் ஆபத்தும் சமம்' என்று ஒரு வினாவுக்கு எழுதினால், பாதி விடைதான் எழுதியிருக்கிறோம். முதலாவதில் தொழில் சார்ந்த ஆபத்து அதிகம், இரண்டாவதில் நிதி சார்ந்த ஆபத்து அதிகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

இது புத்தகத்துக்குள் மட்டும் நடப்பதல்ல. இந்தியாவில் 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இண்ட் ஏஎஸ் 116 கணக்கியல் தரநிலையின்படி, அதைப் பின்பற்றும் நிறுவனங்கள் பெரும்பாலான நீண்டகாலக் குத்தகைகளுக்கான வாடகையை வாடகையாகக் காட்டாமல், தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரித்துக் காட்டுகின்றன. தேய்மானப் பகுதி கோட்டுக்கு மேலேயே தங்கிவிட, வட்டிப் பகுதி கீழே இறங்குகிறது. எதுவும் மாறாத ஒரு நிறுவனத்தின் இயக்க லாபம் அந்த ஆண்டில் உயர்ந்து, நிதி லீவரேஜும் உயர்ந்து தெரிந்தால், முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

எந்த விற்பனை அளவில்?

2.5 என்பது இந்த நிறுவனத்தின் நிரந்தர அடையாளம் அல்ல. ஒரு லட்சம் ரூபாய் விற்பனையில் நிற்கும்போது மட்டும் கிடைக்கும் அளவு. 1,10,000 விற்பனையில் அதே நிறுவனத்தின் இயக்க லீவரேஜ் 44,000 ÷ 20,000 = 2.2. விற்பனை 70,000-க்கு இறங்கினால் பங்களிப்பு 28,000, இயக்க லாபம் 4,000, அளவு 7. விற்பனை 60,000-இல் பங்களிப்பும் நிலையான செலவும் சமமாகி இயக்க லாபம் பூஜ்யமாகிறது. பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்பதால் அளவே இல்லை. அதற்கும் கீழே எண் எதிர்மறையாக வரும். அதைச் சதவீத உயர்வாகப் படிக்கக் கூடாது. நிதி லீவரேஜுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. இயக்க லாபம் வட்டிக்குச் சமமாக, அதாவது 6,000 ஆக இருக்கும்போது அதன் அளவு இல்லாமல் போகிறது. அளவு பெரிதாக இருந்தால் நிறுவனம் வலிமையானது என்று பலர் எழுதுகிறார்கள். பெரும்பாலும் அது லாப நட்டமற்ற புள்ளிக்கு மிக அருகில் நிற்பதற்கான அடையாளம்.

இதிலிருந்து ஒரு நல்ல சரிபார்ப்பும் கிடைக்கிறது. இப்போதைய விற்பனை 1,00,000, லாப நட்டமற்ற விற்பனை 60,000 என்றால், இடையில் இருக்கும் பாதுகாப்பு எல்லை 40 சதவீதம். 1-ஐ 0.4-ஆல் வகுத்தால் 2.5. லாப நட்டமற்ற விற்பனையை வட்டி சேராத நிலையான செலவை வைத்துக் கணக்கிட்டிருந்தால், முன்பு சொன்ன வட்டித் தவறையும் இது பிடித்துக் கொடுக்கும்; வட்டி சேர்ந்த 30,000-ஐ வைத்தால் இதிலும் அதே 4 தான் வரும்.

இரண்டு ஆண்டுக் கணக்கு கொடுத்துச் சதவீத மாற்றத்தால் கண்டுபிடிக்கச் சொல்லும்போது, பழைய ஆண்டையே அடிப்படையாக எடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கும் இடையில் விற்பனை விலையோ, ஒரு நோட்டுக்கான மாறும் செலவோ, நிலையான செலவோ மாறியிருந்தால், சதவீத முறையில் வரும் விடையும் பங்களிப்பை வகுத்து வரும் விடையும் பொருந்தாது. அது உங்கள் தவறு அல்ல; விற்பனை அளவு மட்டுமே மாறுகிறது, விலையும் செலவும் அப்படியே இருக்கின்றன என்ற அடிப்படையே அங்கு இல்லாமல் போய்விட்டது.

தலைகீழ் வினா: அளவுகளிலிருந்து கணக்கைக் கட்டுதல்

லீவரேஜ் அளவுகளைக் கொடுத்துவிட்டு வருமான அறிக்கையைத் தயாரிக்கச் சொல்லும் வினா, இந்தக் கோட்டைப் புரிந்துகொண்டவருக்கு எளிது. எடுத்துக்காட்டாக: இயக்க லீவரேஜ் 3, நிதி லீவரேஜ் 1.5, வட்டி 4,000, மாறும் செலவு விற்பனையில் 60 சதவீதம், வரி 25 சதவீதம். ரூபாயில் கொடுக்கப்பட்ட ஒரே தொகை வட்டி. அது கோட்டுக்குக் கீழே இருக்கிறது. ஆகவே அறிக்கையைக் கீழிருந்து மேலே கட்ட வேண்டும், நிதி லீவரேஜில்தான் தொடங்க வேண்டும். இயக்க லீவரேஜில் தொடங்குபவர் இரண்டு தெரியாத எண்களோடு அங்கேயே நின்றுவிடுவார்.

```
இயக்க லாபம் ÷ (இயக்க லாபம் - 4,000) = 1.5
இயக்க லாபம் = 1.5 × இயக்க லாபம் - 6,000
0.5 × இயக்க லாபம் = 6,000
இயக்க லாபம் = 12,000
```

வரிக்கு முந்தைய லாபம் 8,000. இப்போது கோட்டைத் தாண்டி மேலே போகலாம். பங்களிப்பு 12,000 × 3 = 36,000; நிலையான செலவு 36,000 - 12,000 = 24,000. மாறும் செலவு 60 சதவீதம் என்றால் பங்களிப்பு 40 சதவீதம். விற்பனை 36,000 ÷ 0.4 = 90,000, மாறும் செலவு 54,000. கீழே வந்தால் வரி 2,000, நிகர லாபம் 6,000.

இங்கே வழக்கமாக நேரும் தவறு, 36,000-ஐ 0.6-ஆல் வகுத்து விற்பனை 60,000 என்று எழுதுவது. அதில் மாறும் செலவு 36,000 போகப் பங்களிப்பு 24,000 மட்டுமே நிற்கும். நாம் கண்டுபிடித்த 36,000 அங்கே இருக்காது. அறிக்கையை முழுதாக எழுதி, மேலிருந்து ஒருமுறை கழித்துக்கொண்டு வந்தால் இது உடனே தெரிந்துவிடும்: 90,000-லிருந்து 54,000 போக 36,000, அதிலிருந்து 24,000 போக 12,000, அதிலிருந்து 4,000 போக 8,000. 36,000 ÷ 8,000 = 4.5, 3 × 1.5-உம் 4.5.